பதினாலு பன்னிரண்டு ஆன ராத்திரி

கேள்வி:

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன மாதம் ராத்திரி 9.30-க்கு பைக்கிலிருந்து விழுந்தவரைக் கூட்டி வந்தார்கள். 36 வயது, குடித்திருந்தார். வந்தபோது, நினைவின் தெளிவுக்குப் போடும் ஜி.சி.எஸ். மார்க் 15-க்கு 14. நடுவில் தூங்கிவிட்டார். 11 மணிக்கு 13, 11.30-க்கு 12. டாக்டருக்குப் போன் பண்ணி “ஜி.சி.எஸ். 12 சார்” என்றேன். “போதைதான், தூங்கட்டும், காலையில் பார்க்கலாம்” என்றார். 12.15-க்கு 9 ஆகி, வலது கண்மணி பெரிதாகிவிட்டது. மதுரைக்கு அனுப்பி, மண்டைக்குள் ரத்தக்கட்டை எடுத்தார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. மார்க் போட்டதில் தப்பா, சொன்னதில் தப்பா? 14-லிருந்து 12 என்றால் ரெண்டு மார்க்தானே? சார்ட்டை நகலெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

தங்கச்சி, உங்கள் சார்ட்டை மூன்று தடவை படித்தேன். மார்க்கில் கொஞ்சம் தப்பு இருக்கிறது. சொன்னதில் அதைவிட அதிகம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், கூட்டுத்தொகை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் சார்ட்டின் வரிகளைப் பார்ப்போம்.

9.30: ஈ4 வி4 எம்6, மொத்தம் 14. நாடி 96, பிபி 130/80, இரண்டு கண்மணியும் ஒரே அளவு, வெளிச்சத்துக்குச் சட்டென்று சுருங்குகின்றன. 10 மணிக்கும் அதே. 10.30-க்கு மார்க் இல்லை, “தூங்குகிறார்” என்று மட்டும் இருக்கிறது. 11 மணி: ஈ3 வி4 எம்6, 13. 11.30: ஈ3 வி4 எம்5, 12. நாடி 74, பிபி 150/90. 12.15: ஈ2 வி2 எம்5, 9. நாடி 58, பிபி 170/100, வலது கண்மணி பெரியது, சுருங்குவது மந்தம்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வரி. ஈ என்பது கண் திறப்பது, 4 வரை. வி என்பது பேச்சு, 5 வரை. எம் என்பது கை கால் அசைவு, 6 வரை. மூன்றிலும் ஒன்றுமே நடக்காவிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் உண்டு. அதனால் இறந்த நிலைக்கும் மொத்தம் 3 வரும். பூஜ்யம் கிடையாது.

10.30 வரியில்தான் முதல் ஓட்டை. தலையில் அடிபட்டு 14-இல் இருக்கிற ஆளைத் தூங்க விடலாம். ஆனால் அரை மணிக்கொரு தடவை எழுப்பித்தான் ஆக வேண்டும். பிரிட்டனின் நைஸ் வழிகாட்டியில் இது தெளிவாக இருக்கிறது. மொத்தம் 15 ஆகும்வரை அரை மணிக்கு ஒருமுறை. 15 ஆனபின் இரண்டு மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, அடுத்த நான்கு மணி நேரம் மணிக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு இரண்டு மணிக்கு ஒருமுறை. உங்கள் சார்ட்டின்படி அவர் 15-ஐத் தொடவே இல்லை. நல்ல தூக்கத்தில் இருக்கிறவர் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, “என்ன சிஸ்டர், தூங்க விட மாட்டீங்களா” என்று வாய்விட்டுச் சொல்வார். அந்த வாக்கியம் வந்துவிட்டால், பேர், இடம், மாசம் கேட்டு மார்க்கைப் போட்டுவிட்டு அவரைத் தூங்க விடலாம். வராவிட்டால் அது தூக்கம் இல்லை. குறட்டை சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது. 10.30-க்கு அவரை எழுப்பியிருந்தால் 14 இருந்திருக்குமா, 13 இருந்திருக்குமா என்று இப்போது யாருக்கும் தெரியாது. மார்க் எப்போது இறங்கத் தொடங்கியது என்பதைச் சொல்லும் வரி அது. அது காலியாக இருக்கிறது.

அடுத்து 11.30. இந்த வரியில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். வி4 என்றால் குழப்பமாக இருந்தாலும் வாக்கியமாகப் பேசுகிறார், கேள்விக்குப் பதில் மாதிரி ஏதோ சொல்கிறார் என்று பொருள். எம்5 என்றால் சொன்னதைச் செய்யவில்லை, வலித்த இடத்துக்குக் கையைக் கொண்டுவருகிறார். வாக்கியமாகப் பேசுகிற ஆள், “கையைப் பிடிங்க, விடுங்க” என்றால் செய்ய மாட்டேன் என்பது அபூர்வம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஏதோ ஒன்று தவறாக இருக்கும். நர்சிங் நோட்டில் அதே நேரத்துக்கு “கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுகிறார்” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சி, ஒற்றை ஒற்றை வசவு வார்த்தை வி3. கேள்வி கேட்டால் பதில் இல்லாமல் வார்த்தை மட்டும் வெடித்து வருவது பேச்சு இல்லை. மேல் வரியில் இருந்த 4 கீழ் வரிக்கு இறங்கிவிட்டது என்று நினைக்கிறேன். எங்கள் வார்டில் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் இதை “கார்பன் பேப்பர் மார்க்” என்று கேலி செய்வோம். நானும் போட்டிருக்கிறேன்.

எம்5-க்கு வருவோம். எப்படி வலிக்கச் செய்தீர்கள் என்று உங்கள் நோட்டில் இருக்கிறது, நெஞ்செலும்பில் முஷ்டியால் தேய்த்தீர்கள். பழைய பழக்கம் அது, நான் படித்தபோதும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது வேண்டாம் என்கிறார்கள். தோல் கன்றிப்போவது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. நெஞ்சில் தேய்க்கும்போது கை மடங்கினால் அது தானாகவே நெஞ்சுக்கு மேலேதான் வந்து நிற்கும். வலியைத் தேடி வந்ததா, வெறுமனே மடங்கியதா என்று பிரிக்க முடியாது. முதலாவது எம்5, இரண்டாவது எம்4. அதனால்தான் கழுத்தும் தோளும் சேரும் இடத்துத் தசையைக் கட்டைவிரலாலும் இரண்டு விரலாலும் பிடித்து அழுத்தச் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் புருவ எலும்பின் கீழ்விளிம்பில் மூக்குப் பக்கமாக ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும், அதை அழுத்தலாம். முகத்தில் எலும்பு முறிந்திருந்தால் அங்கே கை வைக்கக் கூடாது. கை காரை எலும்பைத் தாண்டி மேலே, நீங்கள் அழுத்துகிற இடத்தை நோக்கி வந்தால் எம்5. தாண்டாமல் முழங்கை மட்டும் வேகமாக மடங்கி, கை உடம்பை விட்டு விலகினால் எம்4. மெதுவாக மடங்கி, கை நெஞ்சுக்குக் குறுக்கே வந்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டால் எம்3. கால் அப்போது விறைத்து நீளும். அது நல்லதற்கில்லை.

கண் திறக்கிறாரா என்று பார்க்க வேறு இடம் வேண்டும். புருவத்தை அழுத்தினால் யாராக இருந்தாலும் முகத்தைச் சுளித்துக் கண்ணை இறுக்கிக்கொள்வார்கள். அங்கே ஈ-க்கு மார்க் பார்ப்பது வீண். அதற்கு விரல் நகத்தின் ஓரத்தில் பேனாவை வைத்து, மெல்ல ஆரம்பித்து அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே பத்து விநாடி வரை போங்கள். பேனாவை எடுத்த பிறகும் ஒரு நிமிஷம் கண்ணைப் பாருங்கள், சில சமயம் நின்று வரும்.

உங்கள் 11.30 வரியை நான் எழுதினால் ஈ3 வி3 எம்4 அல்லது எம்5 என்று இருக்கும். மொத்தம் 10 அல்லது 11. 12 இல்லை. கண்டிப்பாகச் சொல்ல முடியாது, நான் படுக்கை பக்கத்தில் நிற்கவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம்: அரை மணி முன்பு வரை சொன்னதைச் செய்த மனிதர் அப்போது செய்வதை நிறுத்திவிட்டார். எம்6 போய்விட்டது. இதுதான் அந்த ராத்திரியின் செய்தி, 12 என்கிற எண் இல்லை.

“ரெண்டு மார்க்தானே” என்ற உங்கள் கேள்வி இங்கேதான் வருகிறது. மூன்று பகுதியும் ஒரே தராசில் நிற்பவை இல்லை. தூக்கம் வந்தால் ஈ ஒன்று குறையலாம். காது மந்தமானால், தமிழ் தெரியாதவரானால், போதையில் இருந்தால் வி குறையலாம். எம் குறைவதற்குச் சாதாரணக் காரணங்கள் குறைவு. அதனால்தான் மொத்தத்தில் ஒரு புள்ளி குறைந்து அரை மணி நேரம் அப்படியே நின்றாலே டாக்டர் வந்து பார்க்க வேண்டும் என்றும், அந்த ஒரு புள்ளி அசைவில் என்றால் அதற்குக் கூடுதல் எடை என்றும் நைஸ் சொல்கிறது. அசைவில் இரண்டு குறைந்தாலோ, கண்ணிலோ பேச்சிலோ மூன்று குறைந்தாலோ அரை மணி காத்திருக்க வேண்டிய வேலையே இல்லை. உங்கள் ஆளுக்கு 11 மணிக்கு ஒன்று குறைந்தது, 11.30-க்கு மீளவில்லை, இன்னும் இறங்கியது, அதுவும் அசைவில். விதிப்படி டாக்டர் படுக்கைக்கு வந்திருக்க வேண்டிய நேரம் 11.30. இதில் உங்கள் கணக்கு சரி, போன் செய்த நேரமும் சரி. மறு சரிபார்ப்புக்கு இன்னொரு நர்ஸ் இருந்தால் அவரையும் ஒருமுறை போடச் சொல்லலாம். ஆள் இல்லாத ராத்திரியில் அதற்காகப் போனைத் தள்ளிப்போடாதீர்கள்.

போதை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மதுரையைச் சுற்றி சனி ஞாயிறு ராத்திரியில் கேஷுவாலிட்டிக்கு வருகிற தலைக்காயத்தில் பாதிப் பேரிடம் வாடை இருக்கும் என்பது என் அனுபவம். போதையால் 14 ஆகலாம். ஏன், 12 கூட ஆகலாம். ஆனால் போதை நேரம் போகப் போகத் தெளியும். வந்தபோது இருந்ததைவிட இரண்டு மணி நேரம் கழித்து மோசமாக இருந்தால் அதைச் சாராயத்தின் மேல் போட முடியாது. கடைசி மடக்கைக் குடித்துவிட்டு உடனே விழுந்தவருக்கு முதல் ஒரு மணி நேரம் ஏறலாம், அது உண்மை. 9.30-க்குக் கொண்டுவந்தவருக்கு 11.30-க்கு ஏற வழியில்லை. டாக்டரிடம் இந்த ஒரே வரியைச் சொல்லியிருக்கலாம்: “வந்ததைவிட இப்ப மோசமா இருக்கார் சார்.”

உங்கள் ஆளுக்கு உள்ளே என்ன நடந்திருக்கும் என்பது சார்ட்டிலேயே தெரிகிறது. பொட்டுப் பக்கத்து எலும்பு மெல்லியது. அதன் உள்பக்கம் ஒட்டியபடி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பில் விரிசல் விழுந்தால் அது கிழிந்து, எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் சேரும். கொஞ்ச நேரம் ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், சேருவதற்கு நேரம் பிடிப்பதால். அப்புறம் இறங்க ஆரம்பித்தால் வேகமாக இறங்குவார். முதலில் மார்க் குறைகிறது, கூடவே நாடி 96-லிருந்து 74, பிறகு 58. பிபி ஏறுகிறது. மண்டைக்குள் அழுத்தம் கூடினால் நாடி தணிந்து பிபி ஏறும், மூச்சும் கடைசியில் தாறுமாறாகும். கண்மணி பெரிதாவது மிகவும் பிந்திய அடையாளம், மூளையின் ஓரம் கீழே பிதுங்கி, கண்ணுக்குப் போகிற நரம்பை நெருக்கும்போது வருவது. 12.15-க்கு அதைக் கண்டதும் நீங்கள் கிளப்பியது சரி. ஆனால் அதற்காகக் காத்திருக்கிற பழக்கம் யாருக்கும் வேண்டாம். 11.30-இன் மார்க்கும் 74 என்ற நாடியும் அதையே முக்கால் மணி முன்னால் சொல்லிவிட்டன.

12.15 வரியில் ஒன்று. எம்5 என்று போட்டது சரி, ஏனென்றால் எப்போதும் நல்ல பக்கத்துக் கையின் மார்க்கைத்தான் எழுத வேண்டும். ஆனால் நோட்டில் “இடது கை அவ்வளவாக மடங்கவில்லை” என்று ஓரமாக எழுதியிருக்கிறீர்கள். அது மார்க்கில் வராது, சார்ட்டில் தனி வரியாக வர வேண்டும், போனிலும் தனியாகச் சொல்ல வேண்டும். வலது கண்மணி பெரிதாகி இடது கை தளர்ந்தால் ரத்தக்கட்டு வலது பக்கம் என்று கிட்டத்தட்ட சொல்லிவிடலாம். அறுவை செய்கிறவருக்கு அந்த வரி மொத்த மார்க்கைவிடப் பெரியது.

இனி கூட்டுத்தொகைக்கு வருகிறேன். கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜெனட்டும் 1974-இல் லான்செட் இதழில் இந்த அளவுகோலை வெளியிட்டபோது கண், பேச்சு, அசைவு மூன்றையும் தனித்தனியாகத்தான் குறிக்கச் சொன்னார்கள். கூட்டிச் சொல்லும் பழக்கம் பின்னால் ஒட்டிக்கொண்டது. 9 என்று ஒருவர் போனில் சொன்னால் அந்த 9 எத்தனையோ விதத்தில் வரலாம். ஈ2 வி2 எம்5 ஒரு 9. ஈ4 வி1 எம்4 இன்னொரு 9, அதாவது கண்ணைத் திறந்து பார்த்தபடி பேச்சே இல்லாமல் கிடக்கிறார். மூச்சுக்குழாய் போட்டவர் பேச முடியாது. அவருக்கு வி1 போட்டால் பொய் மார்க், “சோதிக்க முடியாது” என்று எழுத வேண்டும். இரண்டு கண்ணும் வீங்கி மூடிப்போனவருக்கு ஈ-க்கும் அப்படியே. ஒன்று சோதிக்க முடியாவிட்டால் மொத்தம் என்று ஒன்றே கிடையாது, அதைக் கூட்டவும் கூடாது. மதுரையில் என்னிடம் வந்த ரெஃபரல் சீட்டுகளில் “ஜி.சி.எஸ். 11” என்று எழுதி அனுப்பிய ஆள் இரண்டு கண்ணும் பனங்காய் மாதிரி வீங்கி வந்து இறங்கினதைப் பார்த்திருக்கிறேன். அந்த 11-இல் ஈ எத்தனை என்று கேட்டால் அனுப்பியவருக்கும் தெரியவில்லை.

அதனால் போனில் நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது இப்படி இருந்திருக்கும்:

“சார், பைக்ல விழுந்த 36 வயசு ஆளு. 9.30-க்கு ஈ4 வி4 எம்6. இப்ப 11.30-க்கு ஈ3 வி3 எம்4. சொன்னதைச் செய்றதை நிறுத்திட்டார், வெறும் வசவு வார்த்தைதான் வருது. நாடி 96-லேர்ந்து 74, பிபி 150/90. கண்மணி இன்னும் சமமா இருக்கு. வந்ததைவிட மோசம் சார். சிடி ஸ்கேன் வேணும். நீங்க வர்றீங்களா, நான் 108-க்குச் சொல்லட்டுமா?”

கவனியுங்கள், இதில் மொத்தம் வரவே இல்லை. முந்தின நிலை, இப்போதைய நிலை, நேரம் மூன்றும் வருகின்றன. கடைசியில் கேள்விக்கு “ஆமாம்” அல்லது “இல்லை” என்று அவர் பதில் சொல்லியாக வேண்டும். “12 சார்” என்று மட்டும் சொன்னபோது அவருக்குத் தூக்கத்தில் கேட்டது ஒரு எண். 12 கேட்க மோசமாக இல்லை. அவர் செய்ததை நான் சரி என்று சொல்லவில்லை, குடித்த ஆளுக்குத் தலைக்காயம் இல்லை என்று போனிலேயே முடிவு செய்யக் கூடாது. ஆனால் அவர் எழுந்து உட்காரும்படி சொல்வது உங்கள் கையில் இருந்தது. “வேண்டாம், பார்த்துக்கொள்” என்றால் நேரத்தையும் அவர் சொன்னதையும் நோட்டில் எழுதுங்கள். பதினைந்து நிமிஷத்தில் மறுபடி மார்க் போட்டு மறுபடி கூப்பிடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் உங்களுக்கு மேலே இருக்கும் சிஸ்டர் மூலம் போங்கள். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு நாற்பது கிலோமீட்டர். அந்த ராத்திரியில் உங்களுக்கு முக்கால் மணி நேரம் போனதும் சாலையில் போகிற நேரமும் சேர்ந்துதான் கணக்கு.

இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன், 9.30-க்கு வி4 போட்டீர்களே, ஏன்? “இது எந்த மாசம்” என்று கேட்டதற்கு அவர் “ஆனி” என்றாராம், நீங்கள் “தெரியவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சி, அது ஆனி மாசம்தான்! தமிழ் மாசம் சொன்னால் சரியான பதில். தேதியோ, ஆங்கில மாசமோ, முதலமைச்சர் பேரோ கேட்க வேண்டியதில்லை. பேர், இருக்கிற இடம், மாசம், அவ்வளவுதான். இடத்துக்கு “ஆஸ்பத்திரி” என்றாலே போதும், எந்த ஆஸ்பத்திரி என்று கிழவிகளை நோண்டாதீர்கள். முளைப்பாரி மாசம், பொங்கல் முடிந்த மாசம் என்று சொல்கிறவர்கள்கூட நன்றாகத் தெளிவாக இருப்பார்கள். அவர் பேரும் இடமும் சரியாகச் சொல்லியிருந்தால் 9.30-க்கு அவர் வி5, மொத்தம் 15. அப்படியானால் உங்கள் சார்ட்டில் இறக்கம் 14-லிருந்து 12 இல்லை, 15-லிருந்து 10 அல்லது 11. முதல் மார்க்கைக் குறைத்துப் போட்டால் பின்னால் வருகிற வீழ்ச்சி சிறிதாகத் தெரியும். “ரெண்டு மார்க்தானே” என்று உங்களுக்கே தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

டூட்டி மாறும்போது இருவரும் சேர்ந்து படுக்கை பக்கத்தில் நின்று ஒரு தடவை மார்க் போட்டுப் பாருங்கள். நீங்கள் எம்5 என்கிறீர்கள், அடுத்தவர் எம்4 என்கிறார் என்றால் அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் காலையில் வந்தவர் போடுகிற மார்க் குறைந்ததா, ஆள் குறைந்தாரா என்று தெரியாது.

மதுரைக்கு அனுப்பும்போது கூடப் போகிற சீட்டில் கடைசி மார்க்கை மட்டும் எழுதாதீர்கள். வந்த நேரத்து மூன்று எண், இறங்க ஆரம்பித்த நேரத்து மூன்று எண், கடைசி மூன்று எண், மூன்று வரி போதும். தூங்க மருந்து கொடுத்திருந்தாலோ, குழாய் போட்டிருந்தாலோ, அதற்கு முந்தின மார்க் எத்தனை, மருந்து எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துவிடுங்கள். அங்கே வாங்குகிறவர் பார்க்கும்போது ஆள் மருந்து மயக்கத்தில் கிடப்பார், அவரிடம் புதிதாக மார்க் போட ஒன்றும் இருக்காது. உங்கள் சீட்டில் இருப்பதை வைத்துத்தான் உடனே தியேட்டருக்குத் தள்ளுவதா என்று முடிவு செய்வார்.